பெங்களூரில் கொதித்த தண்ணீர்

நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரைதான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ராயப்பேட்டையில் விஞ்ஞானக் கருவிகளுக்கென்று சொந்தமாகக் கடை வைத்தவன் நான். எம்.ஏ. படித்தவர்கள் என் கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, "இது கிடைக்குமா, அது கிடைக்குமா" என்று கேட்டிருக்கிறார்கள். யுத்த காலத்தில் சீமைச் சரக்கு எதுவும் கப்பலில் வராதபோது, "அவனிடம் கேள், எங்கிருந்தாவது கொண்டுவருவான்" என்று பேர் வாங்கியவன். அந்தப் பேர் ஒருமுறை மயிரிழையில் போகப் பார்த்தது. கொதிக்கிற தண்ணீரால்.

கடை வைப்பதற்கு முன்னால் நான் இன்னொருவரிடம் வேலை பார்த்தேன். அவரும் கண்ணாடிக் கருவி வியாபாரிதான். பெரிய ஆள். குடுவைகளையும் குழாய்களையும் வைக்கோலில் பொதிந்து பெட்டியில் ஆணி அடிப்பது என் வேலை. என் கையால் பொதிந்தது எதுவும் வழியில் உடைந்ததில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். தனியாகக் கடை போடப்போகிறேன் என்று சொன்னபோது அவர் சிரித்தார்.

"போய்ட்டு வா. உன் வைக்கோல் கூடையை வேற யாருக்கும் தரமாட்டேன். எப்படியும் திரும்பி வருவே, அப்ப வேணுமில்ல?" என்றார்.

அந்தச் சிரிப்பு பல மாதம் என் காதிலேயே இருந்தது. அப்போதுதான் மயிலாப்பூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து எனக்கு முதல் பெரிய ஆர்டர் வந்தது. பௌதிக வகுப்புச் செய்முறைப் பரீட்சைக்கு மூன்று டஜன் தெர்மாமீட்டர். பழைய முதலாளியிடம் சரக்கு இல்லை, யாரிடமும் இல்லை. நான் தருகிறேன் என்று நெஞ்சைத் தட்டிச் சொன்னேன். தந்தால் வருஷா வருஷம் அந்தக் கல்லூரி என் பக்கம். தராவிட்டால் கடையை மூடிவிட்டு வைக்கோல் கூடைக்குப் போகவேண்டியதுதான். இடையில் வேறு வழி எதுவும் எனக்கு இருக்கவில்லை.

நெஞ்சைத் தட்டியதற்குக் காரணம் இருந்தது. சாந்தோம் பக்கத்தில் கண்ணாடி ஊதுகிற ஒருவரை எனக்குத் தெரியும். மாதா கோவில் தெருக்காரர், என்னைவிடப் பத்து வயது பெரியவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். வாயால் ஊதி, தீயில் வாட்டி, மயிர் பருமன் துளையுள்ள குழாயில் பாதரசம் ஏற்றுவதில் அவரைப்போல மதராஸில் ஆள் கிடையாது. அவர் மனைவி கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். தெர்மாமீட்டருக்குள் வைக்கிற காகித அளவுகோலில் கோடு போடுவது அந்த அம்மாள்தான். ஒவ்வொரு குழாயின் துளையும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். ஆகவே ஒவ்வொன்றுக்கும் தனிக் காகிதம். மெல்லிய குழாயையும் காகிதத்தையும் சேர்த்து வெளியே இன்னொரு கண்ணாடிக் குழாய் மூடியிருக்கும்.

வேலை ஆரம்பிக்கிற நேரத்தில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பேச்சு கிளம்பி ஊரே காலியாயிற்று. பள்ளிக்கூடத்தை மூடினார்கள். அவர்கள் இருவரும் ஊது விளக்கு, குழாய்க் கட்டு எல்லாவற்றோடும் பெங்களூரில் அம்மாளின் அக்காள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான் போகவில்லை. கடையைப் பூட்டாமல் உட்கார்ந்திருந்த சில பேரில் நானும் ஒருவன். கொஞ்ச நாளில் பயம் தெளிந்து ஜனங்கள் திரும்பினார்கள். அவரும் திரும்பினார், மூன்று டஜன் தெர்மாமீட்டரை முடித்துக் கையோடு கொண்டுவந்தார். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பாதரச நூல் வெள்ளிக் கம்பிபோல நின்றது. கோடுகள் அச்சடித்த மாதிரி இருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் என் கடைப் பேரை ஒட்டி, நானே வைக்கோலில் பொதிந்து, நானே கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

கல்லூரிப் புரொபசர் மயிலாப்பூர்க்காரர். எந்தச் சரக்கையும் சோதிக்காமல் வாங்கமாட்டார். எனக்கு அது பிடித்திருந்தது. என் சரக்கைச் சோதித்துப் பார்க்கட்டும், பார்த்துவிட்டு நாலு பேரிடம் சொல்லட்டும் என்ற எண்ணம்.

"முதல்ல ஐஸ், அப்பறம்தான் நீராவி. மாத்திப் பண்ணப்படாது" என்றார். "சூடு பட்டா கண்ணாடிக் குமிழ் உப்பிண்டுடும். உடனே பழைய அளவுக்குச் சுருங்காது. அப்போ ஐஸ்ல வெச்சா பூஜ்யத்துக்குக் கீழே காட்டும். தெர்மாமீட்டர் மேல பழி போட்டுடுவோம்."

ஒரு பெரிய புனலில் செதுக்கிய ஐஸை நிரப்பினார். ஐஸைக் காய்ச்சி வடித்த தண்ணீரால் கழுவியிருந்தார்கள். உருகுகிற தண்ணீர் கீழே சொட்டிக்கொண்டே இருந்தது. முதல் தெர்மாமீட்டரைப் பூஜ்யக் கோடு மட்டும் வெளியே தெரிகிற மாதிரி அதில் புதைத்தார். பாதரசம் சரசரவென்று இறங்கி, பிறகு மெதுவாகி, நின்றது. அவர் குனிந்து கண்ணைக் கோட்டுக்கு நேராக வைத்துப் பார்த்தார்.

"பூஜ்யம். மயிரிழைகூட விலகலே."

"நம்ம சரக்கு சார்" என்றேன்.

பிறகு நீராவி. செம்பில் இரட்டைச் சுவர் வைத்த ஒரு பாத்திரம். அடியில் தண்ணீர் கொதிக்கும், மேலே ஆவி உள்சுவரைச் சுற்றி வந்து வெளியேறும். தெர்மாமீட்டர் தண்ணீரைத் தொடக்கூடாது, ஆவியில்தான் நிற்கவேண்டும் என்றார். தண்ணீரில் உப்போ அழுக்கோ இருந்தால் அதன் சூடு கொஞ்சம் ஏறிவிடும். மேலே வருகிற ஆவி ஏமாற்றாது. தக்கை வழியாக இறக்கி, நூறுக்குப் பக்கத்துக் கோடுகள் மட்டும் மேலே தெரியும்படி நிறுத்தினார்.

பாதரசம் ஏறியது. தொண்ணூறு, தொண்ணூற்றைந்து, நூறு. நிற்கவில்லை. நூற்றுமூன்றைத் தொட்டு, அங்கே அசையாமல் நின்றது.

புரொபசர் அதைத் தனியாக எடுத்து வைத்தார். இன்னொன்றை எடுத்தார். ஐஸில் பூஜ்யம், ஆவியில் நூற்றுமூன்று. இன்னொன்று. அதுவும் அப்படியே. அலமாரியைத் திறந்து யுத்தத்துக்கு முன் வந்த பழைய சீமைத் தெர்மாமீட்டரை எடுத்து இறக்கினார். அது நூறில் வந்து நின்றது.

"எல்லாம் ஒரே மாதிரி தப்பு" என்றார். "ஒண்ணு ரெண்டு தப்பா இருந்தா கை தவறித்துன்னு சொல்லலாம். இது எப்படி?" பிறகு என்னைப் பார்த்தார். "இதை என்னால எடுத்துக்க முடியாது, கடைக்காரரே. பரீட்சைக்குள்ள சரியானது கொண்டுவந்தா வாங்கிக்கறேன். இல்லேன்னா உங்க பழைய முதலாளி கல்கத்தாவுல எங்கேயோ விசாரிக்கறேன்னு சொல்லியனுப்பியிருக்கார்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே சாந்தோமுக்கு நடந்தேன். யாராக இருந்தாலும் அந்த வெயிலில் ரிக்‌ஷா பிடித்திருப்பார்கள். எனக்கு உட்காரத் தோன்றவில்லை.

நான் சொன்னதைக் கேட்டு அண்ணன் ஊது விளக்கை அணைத்தார்.

"இன்னா நைனா, நான் இன்னா கண்ணை மூடிகினா கோடு போட்டேன்? ஐஸ்ல வெச்சேன், குறி போட்டேன். ஆவியில வெச்சேன், குறி போட்டேன். தண்ணி தளதளன்னு கொதிச்சிகினு இருந்துச்சி. கொதிக்கிற தண்ணி நூறு. இதுல இன்னா தப்பு கீது?"

"மூணு டிகிரி அதிகமா காட்டுது அண்ணே. என் கண்ணால பார்த்தேன்."

"அவரு பாத்திரம் சரியில்ல."

"சீமைத் தெர்மாமீட்டர் அதே பாத்திரத்துல நூறு காட்டிச்சு."

அவர் எழுந்து சட்டையை மாட்டினார். "வா. நானே கேக்குறேன்."

கல்லூரிக்கு மூன்று பேருமாகப் போனோம். அம்மாளும் வந்துவிட்டார். "கோடு போட்டது நான். என் கோட்டுல குத்தம் சொன்னா நான் கேக்கவாணாமா?" என்றார்.

புரொபசர் கோபித்துக்கொள்ளவில்லை. எங்களை உட்காரச் சொல்லி, எங்கே செய்தீர்கள் என்று கேட்டார். பெங்களூர் என்றதும் அவர் முகம் மாறியது.

"அங்கே மூவாயிரம் அடி உசரமாச்சே! மேலே போகப் போகக் காத்தோட அழுத்தம் கம்மி. தண்ணி சீக்கிரமாவே கொதிச்சுடும். ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும். அங்கே கொதிக்கற தண்ணி தொண்ணூத்தேழுதான். அதுல நூறுன்னு குறி போட்டுட்டேள்."

அண்ணன் விடவில்லை. அவர் ஒன்றும் தெரியாதவர் இல்லை.

"எனக்குத் தெரியும் சார். அழுத்தத்தைப் பார்க்காம கொதிபுள்ளி போடக்கூடாதுன்னு எனக்கும் சொல்லிக் குடுத்திருக்காங்க. ஒரு அங்குலம் பாதரசம் குறைஞ்சா ஏறக்குறைய ஒரு டிகிரி கழிக்கணும். அதுக்காகவே கண்டோன்மென்ட்ல ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனேன். அங்க காத்தழுத்தம் காட்டுற பெரிய பாரோமீட்டர் மாட்டிகினு கீது. முள்ளு முப்பதுக்கு ஒரு நூல் கீழ நின்னுச்சி. முப்பதுன்னா மதராஸ் மாதிரிதானே? கழிக்க இன்னா கீது?"

புரொபசர் யோசித்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கடை அந்த முகத்தில் இருந்தது.

"முள்ளு வெச்சதா? வட்டமா, கடியாரம் மாதிரியா?"

"ஆமா. மழை, மாறுதல், வெயில்னு இங்கிலீஷ்ல எழுதியிருந்துச்சி."

"அந்த வட்டத்துல எண் எங்கேருந்து ஆரம்பிச்சுது? நெனவிருக்கா?"

அம்மாள் முந்திக்கொண்டார். டிராயிங் டீச்சர் இல்லையா, பார்த்த கோடு மறக்காது. "இருபத்தெட்டுலேர்ந்து முப்பத்தொண்ணு."

புரொபசர் மேஜையைத் தட்டினார். "பெங்களூர்ல நிஜமான அழுத்தம் இருபத்தேழு அங்குலம்தான் இருக்கும். இருபத்தேழே இல்லாத வட்டத்துல முள்ளு எப்படி நிக்கும்? பின்னாடி ஒரு திருகு இருக்கு. அதைத் திருகி முள்ளை நகர்த்திருக்கா. அந்தக் கடைக்காரர் பேப்பரைப் பார்த்துத் திருப்பி வெப்பாரோ?"

அண்ணன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "தினமும் காலைல பேப்பரைப் பார்த்து சரி பண்ணுவேன்னு அவரே பெருமையா சொன்னாரு."

"பேப்பர்ல போடற அழுத்தம் எல்லா ஊருக்கும் கடல் மட்டத்துக்கு மாத்தின கணக்கு. புயல் எங்கே, மழை எங்கேன்னு ஊருக்கு ஊர் ஒப்பிடறதுக்காக. மழை வருமான்னு தெரிஞ்சுக்க அது போதும். தண்ணி எப்போ கொதிக்கும்னு அதைக் கேக்கப்படாது."

பிறகு அம்மாள் புருஷன் பக்கம் திரும்பினார்.

"அங்க பருப்பு வேகலை, வேகலைன்னு நான் தலைதலையா அடிச்சிகினேன். இன்னா சொன்னீங்க? உன் அக்கா வீட்டு வெறகு ஈரம், உனக்கு அடுப்பு மூட்டத் தெரியலைன்னீங்க. தொண்ணூத்தேழுல பருப்பு எப்படிங்க வேகும்?"

"அதை இங்கதான் பேசணுமா?"

"வேற எங்க பேசுறது? என் அக்கா இன்னமும் என் சமையலைச் சொல்லிச் சிரிக்கிறா."

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அண்ணனுக்கு மனசு ஆறவில்லை. சுவரில் தொங்கிய கல்லூரிப் பாரோமீட்டரைக் காட்டி, "அந்தக் கடைக்காரன் திருகினான். இதை யாரும் திருகலைன்னு எப்படித் தெரியும்?" என்றார்.

கேள்வி நியாயமானது. புரொபசரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். அது முள் வைத்ததில்லை. நீளமான கண்ணாடிக் குழாய், அடியில் பாதரசத் தொட்டி. "இதுல திருகி ஏமாத்தறதுக்கு ஒண்ணுமில்லே. கீழே தொட்டியில இருக்கற பாதரசத்துலேர்ந்து மேலே நுனி வரைக்கும் எத்தனை அங்குலமோ, அதுதான் அழுத்தம். நீங்களே அளந்துக்கலாம்" என்றார்.

நான் எழுந்தேன். என் பையில் எப்போதும் ஒரு மடக்கு அடிக்கோல் இருக்கும், பெட்டி அளப்பதற்காக. அதை விரித்து, கீழே பாதரச மட்டத்தில் வைத்துப் பிடித்து, ஒருமுறை குறி போட்டு நகர்த்தி, மேலே நுனி வரை அளந்தேன். இரண்டடி ஐந்தே முக்கால் அங்குலம், அதற்கும் ஒரு மயிரிழை மேலே. புரொபசர் பக்கத்தில் நின்று கருவியின் அளவைப் படித்தார். இருபத்தொன்பது புள்ளி எட்டு.

அன்றைக்கு எனக்குள் நடந்ததை எப்படிச் சொல்வது? விஞ்ஞானம் என்றால் படித்தவர்கள் சொல்வதை நாம் நம்புகிற சங்கதி என்று அதுவரை நினைத்திருந்தேன். நான் விற்றவை எல்லாமே என்னால் சோதிக்க முடியாத பொருள்கள். இதைப் பெட்டி அளக்கிற கோலால் அளக்க முடிந்தது. நம் தலைக்கு மேல் இருக்கிற காற்றின் கனத்தை, ராயப்பேட்டைத் தச்சன் விற்ற மரக்கோலால். அதற்குப் பிறகு எத்தனையோ விலை உயர்ந்த கருவிகள் என் கையால் போயிருக்கின்றன. அந்தக் குழாய்க்குக் கொடுத்த மரியாதையை வேறெதற்கும் நான் கொடுத்ததில்லை.

அண்ணன் இறங்கிவந்தார். "சரி சார். நூறுன்னு கீற இடத்துல தொண்ணூத்தேழுன்னு மாத்தி எழுதிட்டா?"

"தொண்ணூத்தேழுன்னு உங்களுக்கு யார் சொன்னா? நான் உசரத்தை வெச்சு உத்தேசமாச் சொன்னேன். அந்த அக்கா வீடு மேட்டுல இருக்கா, பள்ளத்துல இருக்கா? நீங்க குறி போட்ட அன்னிக்கு மழை மூட்டமா, வெயிலா? நீங்க பார்த்தது பாரோமீட்டர் இல்லே, சுவர் அலங்காரம். ஒவ்வொண்ணையும் இங்கே திரும்ப ஆவியில வெக்கணும்."

பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. சாந்தோம் வீட்டுக் கூடத்திலேயே வேலையை ஆரம்பித்தோம். செப்புப் பாத்திரத்தைப் புரொபசர் இரவல் கொடுத்தார். ஐஸ் கொண்டுவருவது என் பொறுப்பு. தெரிந்த ஐஸ்கிரீம்காரர் ஒருவரிடம் நயமாகப் பேசி ஒரு கூடை வாங்கிவந்தேன். தெர்மாமீட்டரை அதில் வைத்ததும் பாதரசம் பூஜ்யத்தையும் தாண்டிக் கீழே போயிற்று. அண்ணன் அதை உருவித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், இப்போது பூஜ்யமும் போயிற்றா என்று. அம்மாள் ஒரு ஐஸ் துண்டை எடுத்து நாக்கில் வைத்தார்.

"உப்புக் கரிக்குது தம்பி! ஐஸ்கிரீம் டப்பாவைச் சுத்திப் போட்ட ஐஸை வாரிக் குடுத்திருக்கான் அந்த ஆளு."

உப்புப் போட்ட ஐஸ் பூஜ்யத்துக்குக் கீழே குளிரும். அதனால்தான் ஐஸ்கிரீம் உறைகிறது. அந்தக் கூடையை வாசலில் கொட்டிவிட்டு, ஐஸ் கம்பெனியிலிருந்து பாளமாக வாங்கிவந்தேன். நடுவில் பால்போல வெளுத்த பாகத்தை ஒதுக்கிவிட்டு, தெளிந்த ஓரத்தை மட்டும் செதுக்கிக் கழுவினோம். பூஜ்யம் பூஜ்யத்தில் நின்றது.

அதன்பிறகு எல்லாம் கைவேலை. ஒவ்வொரு தெர்மாமீட்டரையும் ஆவியில் நிறுத்தி, பழைய கோட்டில் எங்கே நிற்கிறது என்று பார்ப்போம். நான் கல்லூரிக்கு ஓடி, அந்த நேரத்துப் பாரோமீட்டர் அளவைக் கேட்டு வருவேன். முப்பது அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைந்திருந்தால் கொதிபுள்ளியும் நூறுக்குக் கொஞ்சம் கீழே; அந்தக் கொஞ்சத்தைப் புரொபசர் கணக்குப் பண்ணிச் சொல்லுவார். அண்ணன் வெளிக்குழாயின் தலையை அரத்தால் கீறி, தட்டித் திறந்து, காகிதத்தை இடுக்கியால் உருவுவார். பழைய காகிதமே அளவு சொல்லும். அதன் பூஜ்யத்திலிருந்து ஆவிக் குறி வரை உள்ள நீளத்தை அம்மாள் புதிய காகிதத்தில் வைத்து, புதிதாகப் பங்கு போட்டுக் கோடு இழுப்பார். முன்பு நூற்றுப்பத்து வரை ஓடிய அளவு இப்போது நூற்றாறோடு முடிந்தது. மறுபடி உள்ளே இறக்கி, காகிதம் கருகாமல் ஈரத்துணி சுற்றி, தலையைத் தீயில் உருக்கி அடைப்பார் அண்ணன். அடைக்கும்போது இரண்டு உடைந்தன. அவரிடம் மீதிக் குழாய் இருந்தது, புதிதாகச் செய்துவிட்டார். இடையிடையே கணவனும் மனைவியும் பருப்பைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

ஒருநாள் ஆவிக்கு எதிரே உட்கார்ந்திருந்தபோது புரொபசர் வந்தார். எப்படி நடக்கிறது என்று பார்க்க வந்தவர். நான் கேட்டேன்: "சார், ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இங்க தப்பு. ஆனா பெங்களூர்ல இது சரிதானே? அங்க கொதிச்சா நூறு காட்டுது."

"அங்கேயும் தப்புதான்" என்றார். "நூறு டிகிரின்னா எங்கே போனாலும் ஒரே சூடு. பெங்களூர்த் தண்ணி அந்தச் சூட்டுக்கு வரதுக்கு முன்னாடியே கொதிச்சுடறது, அவ்வளவுதான். அங்கேயும் ஒரு ஜொரக்காரனுக்கு இதை வெச்சா ஒரு டிகிரிக்கு மேல கூடுதலாத்தான் சொல்லும்."

அது எனக்கு உடனே பிடிபடவில்லை. கொதிப்பதுதானே நூறு? பல நாள் யோசித்த பிறகே விளங்கிற்று. கொதிப்பு என்பது தண்ணீர் தன் மேலிருக்கிற பாரத்துக்கு ஏற்றபடி செய்வது. பாரம் குறைந்த இடத்தில் சீக்கிரமே குதிக்கும், சத்தம் போடும், ஆவி விடும். பார்க்கிறவனுக்கு உச்சம் மாதிரித்தான் தெரியும். பருப்புக்குத் தெரியும், உச்சம் இல்லை என்று. வியாபாரத்தில் சீக்கிரமே கொதித்த பல பேரை நான் பிறகு பார்த்தேன். நானும் அப்படிப்பட்டவனோ என்று ஒரொரு சமயம் தோன்றும். தோன்றினாலும், என் தலைமேல் பாரம் குறைவாக இருந்ததென்று எவனும் சொல்லமுடியாது.

பரீட்சைக்கு முன்னால் பெட்டி மறுபடி கல்லூரிக்குப் போயிற்று. புரொபசர் ஒன்றையும் விடவில்லை. எல்லாவற்றையும் ஐஸில் வைத்தார், எல்லாவற்றையும் ஆவியில் வைத்தார். அண்ணனும் அம்மாளும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள், டாக்டர் வீட்டில் காத்திருப்பவர்கள்போல. நான் நின்றுகொண்டே இருந்தேன். கடைசித் தெர்மாமீட்டரைத் துணியால் துடைத்து வைத்துவிட்டு, "எடுத்துக்கறேன்" என்றார். "அடுத்த வருஷத்துக்கும் உங்ககிட்டேயே சொல்லிடறேன்."

அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டார். நான் மேஜைமேல் கிடந்த வைக்கோலைக் கூட்டி அள்ளினேன்.

"ஒரு வேண்டுகோள்" என்றார் புரொபசர். "பழைய பெங்களூர்க் காகிதத்தோட ஒண்ணு வேணும். பசங்களுக்குக் காட்டறதுக்கு."

"முடியாது சார்" என்றேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆர்டர் கொடுத்த மனுஷரிடம் முடியாது என்று சொல்கிறேன். "என் கடைப் பேரு ஒட்டிகினு ஒரு தப்பு உங்க அலமாரியில உக்காரக்கூடாது. நாளைக்கு எவனாவது எடுத்துப் பார்ப்பான்."

"என் கைவேலையும் அதுல கீது" என்றார் அண்ணன்.

புரொபசர் அம்மாளைப் பார்த்தார். அம்மாள் தன் பையிலிருந்து பேனாவை எடுத்தார். கழற்றிப் போட்ட காகிதங்களில் ஒன்றை மேஜைமேல் நேராக்கி, நூறு என்ற கோட்டுக்குப் பக்கத்தில் அச்சு மாதிரி எழுதினார்: 'பெங்களூரில் தண்ணீர் கொதித்த இடம்.' பிறகு என்னிடம் கேட்டார்: "இப்ப இதுல எங்க தம்பி பொய் கீது?"

நான் இரண்டுமுறை படித்துப் பார்த்தேன். அந்தக் காகிதத்தையே வைத்து ஒன்றை அடைத்து, அதன் தலையிலும் என் கடைப் பேரை ஒட்டச் சொல்லிவிட்டேன்.